விளம்பரம் ஓடாத ஊர்

தீபாவளி முடிந்த வாரம், விழுப்புரம் ஜவுளிக்கடையில் முதலாளி மகாவீர் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். விற்பனை முந்தைய மாதத்தைப்போல் இரு மடங்கு.

"நம்ம விளம்பரத்தாலதான் சார்," என்றான் விளம்பரம் செய்த சுகுமார். "வாங்கினவங்கள்ல முக்காவாசிப் பேரு செல்போன்ல அதப் பாத்திருக்காங்க. இத நிறுத்தாம ஓட்டினா மார்கழியும் தீபாவளிதான்."

திண்டிவனம் கிளையின் மேலாளர் சூர்யகலா இனிப்பைத் தொடவில்லை. அவள் கேட்டுக்கொண்டதால்தான் அந்த ஊரில் விளம்பரம் போடாமல் விட்டிருந்தார்கள்.

"ஊருக்கே காட்டினா, வாங்கினவங்களும் பாத்துதான் இருப்பாங்க," என்றாள். "பாக்காம இருந்தா வந்திருக்க மாட்டாங்களா? அதான் சார் கேள்வி. திண்டிவனத்துல விளம்பரமே இல்ல. அங்கயும் வியாபாரம் ரெண்டு மடங்க நெருங்கிடுச்சு."

"அது வேற ஊரும்மா," என்றார் மகாவீர்.

"வேற ஊருதாங்க. ஆனா போன வருஷங்கள்ல தீபாவளிக்கு ரெண்டு கடையும் ஒரே மாதிரிதான் ஏறிச்சு. இந்த வருஷம் விழுப்புரம் கொஞ்சூண்டு கூட. விளம்பரம் கொண்டாந்தது அந்தக் கொஞ்சம்தான். மீதிய பண்டிகை கொண்டாந்துது."

மகாவீரின் முகம் இறுகியது. சுகுமாரை நம்பி, மார்கழிக்கும் தீபாவளி அளவுக்கே சூரத்தில் சரக்கு சொல்லியிருந்தார். அது சூர்யகலாவுக்கும் தெரியும்.

"லோடு இன்னும் ஏத்தல சார். ஒரு போன் போட்டா பாதியாவது நிறுத்திடலாம்."

"நல்ல நாள் அதுவுமா பேஜாரு பண்ணாதம்மா. உன் கடைக்கும் விளம்பரம் போடச் சொல்லிட்டேன்."

அவள் பஸ்ஸில் திண்டிவனம் திரும்பினாள். தன் கீழ் வேலை செய்யும் நான்கு பெண்களிடம் எதையும் சொல்லவில்லை.

மார்கழியில் மழை விடாமல் பெய்தது. இரண்டு ஊர்களிலும் விளம்பரம் ஓடியது. திண்டிவனம் கடைக்குள் ஆள் வரவில்லை, மூட்டைகள் வந்துகொண்டே இருந்தன. அலமாரி நிரம்பியது. பிறகு மாடிப்படி. பிறகு சன்னலை மறைத்து அடுக்கினார்கள். பகலிலும் விளக்கு போட வேண்டியிருந்தது. கல்லாவில் இருந்த கவிதா ஒருநாள் கேட்டாள்: "அக்கா, நம்மள நிறுத்திடுவாங்களா?" சூர்யகலா மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

பொங்கல் நெருங்கியதும் கூட்டம் வந்தது. வழக்கமாகப் பொங்கலுக்கு வருகிற கூட்டம்தான். அதற்கு மேல் ஒருவரும் இல்லை. மூட்டைகளில் பெரும்பாலானவை அப்படியே கிடந்தன.

தை பிறந்து ஒரு வாரம் கழித்து மகாவீர் அவளை விழுப்புரத்துக்குக் கூப்பிட்டனுப்பினார். மெலிந்திருந்தார். பக்கத்தில் சுகுமார்.

"மார்கழில விழுந்துது, பொங்கலுக்கு ஏறிச்சு பாத்தீங்களா சார்?" என்றான் அவன். "விளம்பரம் வேல செய்ய டைம் எடுக்கும். இப்பப் போய் விட்டுடக் கூடாது."

"பொங்கலுக்கு எப்பவும் ஏறுங்க சார்," என்றாள் சூர்யகலா. "ஒரு கடையில மட்டும் நிறுத்திப் பாக்கலாம். ஒரே ஒரு தடவ."

மகாவீர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஒப்பிட இனிமே ரெண்டு கடை இருக்காதும்மா. திண்டிவனத்த மூடிடறேன். அந்த வாடகைய விளம்பரத்துல போடப் போறோம்."

சுகுமார் போனை எடுத்துப் பேச வெளியே போனான். கடைக்குள் ஒரு வாடிக்கையாளரும் இல்லை. இறக்க இடமில்லாமல் வாசலில் சூரத் சரக்கோடு இன்னொரு லாரி நின்றது.