பதினேழாம் கேள்வியின் ஜன்னல்

தமிழ் இலக்கணத்தில் தனக்குத் தெரியாதது என்று ஒன்று இருந்தால், அது தமிழுக்கே இன்னும் தெரியாதது என்று தேர்வாளர் சொன்னார். சிரிக்கவில்லை. தேர்வு அலுவலகக் கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, மழை வருமா வராதா என்று சொல்வதைப் போல அத்தனை சாதாரணமாகச் சொன்னார். தேர்வு எழுத வருபவர்கள் அவருக்கு இலக்கணப்புலி என்று பெயர் வைத்திருந்தார்கள். அது கிண்டல் என்பது மட்டும் அவருக்குத் தெரியாத ஒன்றாக இருந்தது.

கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்றவள் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். ஆறு வருஷமாகப் படுக்கை விரிப்பு மாற்றியவள். இப்போது அதே ஆஸ்பத்திரியில் தமிழ் பேசும் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளர் வேலை காலியாக இருந்தது. அதற்குத் தமிழ்த் தேர்ச்சிச் சான்றிதழ் வேண்டும். விண்ணப்பிக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். தேர்ச்சிக்கு அறுபது மதிப்பெண். அவள் கையில் இருந்த விடைத்தாளில் ஐம்பத்தொன்பது.

"பதினேழாவது கேள்வி ஏன் சார் தப்பு?" என்று கேட்டாள்.

கேள்வி இதுதான்: நேற்று டாக்டரும் நர்ஸும் ______ (வா, எதிர்மறை). அவள் 'வரவில்லை' என்று எழுதியிருந்தாள். மேலே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி.

புலி மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு பழுப்பு அட்டையை எடுத்து, விடைத்தாள் மேல் வைத்தார். அட்டையில் கேள்விக்கு ஒன்றாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள் வெட்டியிருந்தன. ஒவ்வொரு ஜன்னலிலும் விடையின் கடைசி எழுத்துகள் மட்டும் தெரியும். ஜன்னலுக்குப் பக்கத்தில் அட்டையிலேயே சரியான முடிவு எழுதியிருக்கும். ரெண்டும் ஒன்றாக இருந்தால் ஒரு மதிப்பெண். முழுச் சொல்லையும் படித்தால் நேரம் வீணாகிறதென்று, அந்த அட்டையை அவரே வடிவமைத்து அவரே கத்தரித்திருந்தார்.

பதினேழாம் ஜன்னலுக்குப் பக்கத்தில் 'ர்கள்' என்று இருந்தது. ஜன்னலுக்குள் 'ல்லை' என்று இருந்தது.

"ரெண்டு உம் வந்தா எழுவாய் பன்மை. பன்மைன்னா பயனிலையும் பன்மை. இது மொழியோட சட்டம்மா. வந்திலர்கள். அதுதான் விடை."

"யார் சார் அப்படிப் பேசுறாங்க?"

"பேசுறவங்களுக்கு நான் மார்க் போடுறதில்ல."

அவள் இடது கையைக் கவுன்டர் மேல் வைத்தாள். "சார், நான் படிச்ச முறைய சொல்றேன். ஒரு உம்முக்கு ஒரு விரல். டாக்டரும், ஒண்ணு. நர்ஸும், ரெண்டு. ரெண்டு விரல் நின்னா 'வந்தார்கள்'. அதுல 'நானும்'னு வந்தா கட்டை விரலும் நிக்கும், அப்ப 'வந்தோம்'. 'நான்' இல்லாம 'நீயும்'னு வந்தா 'வந்தீர்கள்'. நாயும் பூனையும்னா 'வந்தன'. ஆனா 'இல்லை' வந்தா" என்று விரல்களை மடக்கிக் கையை மூடிக் காட்டினாள், "அவ்வளவுதான். நான் வரவில்லை, அவன் வரவில்லை, டாக்டரும் நர்ஸும் வரவில்லை. எத்தனை பேருன்னு 'இல்லை' எண்ணிப் பாக்குறதே இல்ல."

புலி அந்த மூடிய கையை ஒரு பிராணியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு பின்னால் இருந்த காலி நாற்காலிகளுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்: "இப்ப தமிழ விரல் விட்டு எண்ணுறாங்க. அடுத்த வருஷம் கால் விரலும் சேத்துக்குவாங்க. ஏம்மா, இது இலக்கணமா, காய்கறிக் கடையா?"

அவள் மறுபரிசீலனைப் படிவம் கேட்டு வாங்கினாள். படிவத்தைத் தமிழிலேயே நிரப்ப வேண்டும், விசாரணையும் தமிழிலேயே நடக்கும் என்று கீழே சின்ன எழுத்தில் போட்டிருந்தது. தமிழ் தெரியாது என்று தோற்கடிக்கப்பட்டவர்கள், தங்களுக்குத் தமிழ் தெரியும் என்பதைத் தமிழில் எழுதித் தமிழில் வாதாட வேண்டும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நிரப்பினாள். விசாரணை புதன்கிழமை பத்து மணிக்கு என்று முத்திரை குத்திக் கொடுத்தார்கள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி சலவைக் கூடத்தில் அவள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்த சலவைக்கார அண்ணன் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தார். அவரும் அதே தேர்வு எழுதியவர். அறுபத்தொன்று வாங்கித் தேறியவர்.

"பதினேழா? நான் சரியாதாம்மா எழுதினேன்."

"என்னண்ணே எழுதினீங்க?"

"வரவில்லையார்கள்."

அவள் அதை வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அண்ணே, அப்படி ஒரு வார்த்தையே கிடையாது."

"எனக்கும் சந்தேகமாதான் இருந்துச்சு. ரெண்டு பேர் ஆச்சே, மரியாதைக்கு இருக்கட்டும்னு ஒரு 'ஆர்கள்' சேத்தேன்."

அவள் அவருடைய விடைத்தாளை வாங்கிப் பார்த்தாள். பதினேழுக்கு நேரே ஒரு சிவப்பு சரிக் குறி, பெருமையாக, வாலை நீட்டிக்கொண்டு. ஆறு மாதமாகத் தினமும் வேலை முடிந்து, கண் எரிய எரிய உட்கார்ந்து படித்தவள் தப்பு. மரியாதைக்கு வால் ஒட்டியவர் சரி. ஜன்னலுக்கு வால்தானே தெரியும். கோபத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததற்காக இன்னும் கோபம் வந்தது.

"இத நான் எடுத்துட்டுப் போகட்டுமா?"

அண்ணன் மனசுக்குள் கழித்துப் பார்த்தார். "ஒண்ணு போனாலும் அறுபது. பாஸ்தான். எடுத்துட்டுப் போம்மா."

புதன்கிழமை சம்பளமில்லாத விடுப்பு எடுத்துக்கொண்டு பத்து மணிக்குப் போனாள். தேர்வு அலுவலகக் கதவு பூட்டியிருந்தது. கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. வளைவு வளைவான கையெழுத்து, கீழே புலியின் கையொப்பம், தேதி. நின்ற இடத்திலேயே மூன்று தடவை படித்தாள். பிறகு, நாள் வீணானதற்குக் கொதிக்க வேண்டிய பெண், படியில் உட்கார்ந்து தன்னுடைய கையைப் பார்த்து லேசாக மூடிக்கொண்டாள்.

வியாழக்கிழமை கதவு திறந்திருந்தது. தாள் அப்படியே இருந்தது. யாருக்கும் அதைக் கிழிக்கத் தோன்றவில்லை. அவள் நகத்தால் நாலு மூலையையும் பெயர்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விசாரணை அறையில் தேர்வு அலுவலகத்தின் மேலாளர் அம்மா நடுவில் உட்கார்ந்திருந்தார். தலை நரைத்தவர், பேச்சை வீணாக்காதவர். பக்கத்தில் புலி, மடியில் அட்டையோடு.

"உங்க குறை என்னம்மா?"

"மேடம், எனக்கு ஒரு மார்க் வரணும். அது இல்லாததால ஒரு வேலை போகப்போகுது. நாளைக்குக் கடைசி நாள்."

"வேலைக்காக இலக்கணத்த மாத்த முடியாது" என்றார் புலி.

"மாத்தச் சொல்லல சார். படிக்கச் சொல்றேன்." அவள் சலவைக்கார அண்ணனின் விடைத்தாளை நீட்டினாள். "மேடம், பதினேழாவது விடைய முழுசா படிங்க. அட்டை வேண்டாம். வெறும் கண்ணு போதும்."

மேலாளர் அம்மா படித்தார். மறுபடியும் படித்தார். "வரவில்லையார்கள்" என்று வாய்விட்டுச் சொன்னார், கசந்த மாத்திரையை நாக்கில் வைத்தவர் போல. "இதுக்கு மார்க் போட்டிருக்கு."

"முடிவு சரியா இருந்துச்சு மேடம்" என்றார் புலி. "முறைப்படி..."

"'வந்திலர்கள்'னு பழைய நடையில எழுதலாம், நான் இல்லன்னு சொல்லல" என்று அவள் குறுக்கிட்டாள். குரல் உயரவில்லை. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தட்டி வைத்ததுபோல விழுந்தது. "அது சரின்னா 'வரவில்லை'யும் சரி. ஆனா வார்டுல ஒரு நோயாளி எங்கிட்ட 'காய்ச்சலும் இருமலும் இல்லம்மா'ன்னு சொன்னா, ரெண்டுமே இல்லன்னு நான் டாக்டர்கிட்ட சொல்லணும். ரெண்டுல ஒண்ணு மட்டும் இருந்தா அந்த வாக்கியமே பொய். 'இருமல் இருக்கு, காய்ச்சல் இல்ல'ன்னுதான் சொல்லணும். இந்த வித்தியாசம் தெரிஞ்சவள ஃபெயில் பண்ணிட்டு, இல்லாத வார்த்தைய எழுதினவர பாஸ் பண்ணியிருக்கு உங்க அட்டை. நல்ல மனுஷர்தான் அவர். ஆனா அந்த வார்த்தைய எந்த நோயாளியும் பேச மாட்டாங்க."

"உணர்ச்சி வேற, சட்டம் வேற" என்றார் புலி. "ரெண்டு உம் வந்த வாக்கியத்த 'வரவில்லை'ன்னு முடிக்கிறது கொச்சை. படிச்சவங்க கையால அப்படி எழுத மாட்டாங்க."

அவள் கதவிலிருந்து பெயர்த்த தாளை மேஜை மேல் விரித்தாள்.

மேலாளர் அம்மா படித்தார்: "மேலாளரும் தேர்வாளரும் இன்று வரவில்லை."

புலி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். தாள் அங்கேயேதான் இருந்தது.

"அது அறிவிப்பு" என்றார். "தேர்வு இல்ல."

மேலாளர் அம்மா கையை நீட்டினார். புலி முதலில் புரியாததுபோல இருந்தார். பிறகு மடியிலிருந்த அட்டையைக் கொடுத்தார். மேலாளர் அம்மா அதைத் தாளின் மேல் வைத்து, மெதுவாக நகர்த்தி, வாக்கியத்தின் கடைசிச் சொல்லைப் பதினேழாம் ஜன்னலுக்குள் கொண்டுவந்தார். அட்டையில் 'ர்கள்'. ஜன்னலில் 'ல்லை'.

"உங்களுக்கும் சைபர்" என்றார்.

மேலாளர் அம்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"எத்தனை விடைத்தாள் இந்த அட்டைல திருத்தியிருக்கு?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"எல்லாத்தையும் முழுசா படிச்சுத் திருத்துங்க. அதுக்கு முன்னாடி விடைக் குறிப்ப முதல் கேள்வியிலிருந்து புதுசா எழுதுங்க. இப்பவே, இங்கயே." சிவப்புப் பேனாவால் அவளுடைய விடைத்தாளிலிருந்த பெருக்கல் குறியை அடித்து, அறுபது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அட்டையை ரெண்டாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார். "வெளிய உக்காருங்கம்மா. சான்றிதழ் அச்சாகி வரும்."

அவ்வளவுதான். மன்னிப்பு என்று யாரும் சொல்லவில்லை. வீணாய்ப் போன புதன்கிழமையைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. ஆறு மாதப் படிப்பை மூன்று விரல் அகல அட்டை ஜன்னல் விழுங்கப் பார்த்ததைப் பற்றி எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி ஏறப்போவதில்லை. நடையில் கிடந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். வேலைக்கு விண்ணப்பிக்க இன்னும் ஒரு நாள் இருந்தது. நெஞ்சு மட்டும் இன்னும் தணியவில்லை.

அறைக்கும் நடைக்கும் நடுவே கண்ணாடித் தடுப்பு. உள்ளே புலி தனியாக இருந்தார். கேள்வித்தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விடையாக எழுதிக்கொண்டிருந்தார். பத்து, பதினைந்து, பதினேழு. அதற்கு அப்புறம் பேனா வேகமாக ஓடியது. இருபத்தொன்றில் நின்றது.

இருபத்தொன்று அவளுக்கு நினைவிருந்தது. நாளைக்கு நீயும் தம்பியும் ______ (வா, எதிர்மறை).

புலி கதவைப் பார்த்தார். மேலாளர் அம்மாவின் நாற்காலியைப் பார்த்தார். காலி. அவருடைய இடது கை மெதுவாக மேஜைக்கு அடியில் இறங்கியது. நீயும், ஒரு விரல். தம்பியும், ரெண்டாவது விரல். எதிர்மறை. கை மூடிக்கொண்டது. பேனா 'வரவில்லை' என்று பாதிக்குப் போனது. நின்றது. நாளைக்கு என்றால் 'இல்லை' நிற்காது. எழுதியதை அடித்தார். மூடிய கை மறுபடி திறந்தது. ரெண்டு விரலும் எழுந்து நின்றன.

வரமாட்டீர்கள் என்று எழுதிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனார். கை மேஜைக்கு அடியிலேயே இருந்தது.