கட்டிலுக்கு ஒரு ஸ்லாட்

பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் பெரிய லிஃப்ட் எனக்கு. நாலு நாள் முன்னாடியே எங்க அபார்ட்மென்ட் ஆபீசுல போய் ஸ்லாட் எழுதி, திரும்ப வர்ற டெபாசிட்டைக் கட்டி, மேனேஜர் நீட்டின இடத்துல எல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்கின ரெண்டு மணி நேரம். அதுல ஒரு மணி நேரத்தை அந்தக் கட்டில் வண்டிக்காரன் தின்னுட்டான். "இதோ தெருமுனையில இருக்கேன்மா"ன்னு மூணு தடவை சொன்னான். எந்த ஊர் தெருமுனையோ!

கட்டில்னா சாதாரணக் கட்டில் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டில். தலைப்பக்கம் தூக்கும், கால்பக்கம் தூக்கும், அடியில மோட்டார், நாலு சக்கரம். என் வீட்டுக்காரர் இடுப்பெலும்பு உடைஞ்சு, ஆபரேஷன் முடிஞ்சு, அன்னிக்கு மதியம் வீட்டுக்கு வரணும். எங்க வீட்டுக் கட்டில் தாழ்வு. அதுல படுத்து எழுந்தா இடுப்புக்கு ஆபத்துன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டார். அதனால வாடகைக்கு எடுத்தேன். வீடு ஏழாவது மாடி.

இதுல இன்னொரு கத்தி தலைக்கு மேல தொங்கிட்டிருந்தது. என் கொழுந்தன். நல்லவன்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனா எதைச் செஞ்சாலும், அது நடக்காமப் போனா என்ன பண்றதுன்னும் சேர்த்தே ஏற்பாடு பண்ணி வைப்பான். "அண்ணி, கட்டில் மேல போகலேன்னா ஆம்புலன்சை நேரா அந்த முதியோர் ஹோமுக்கு விடச் சொல்லிடுவேன். ஒரு இடம் சொல்லி வெச்சிருக்கேன். நீங்க ஒத்தை ஆளா எப்படிப் பார்ப்பீங்க?"

ஹோம்! பெயர்தான் வீடு. உள்ளே போனா வரிசையா கட்டில். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டுப் படுத்திருப்பாங்க. போய்ப் பார்த்துட்டு வந்த ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை. இதைவிடக் கொடுமை, இவரும் ஆஸ்பத்திரியில சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிட்டு, "அங்கேயே விட்டுடு. உனக்கு எதுக்குப் பாரம்"னு சொன்னதுதான். முப்பது வருஷம் என் தலையை உருட்டின மனுஷன், திடீர்னு எனக்குப் பாரமாயிடுமேன்னு பார்க்கிறாராம். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

கட்டில் வந்து சேர்ந்தப்போ மணி பதினொண்ணைத் தாண்டிடுச்சு. லிஃப்ட் தயாரா இருந்தது. செக்யூரிட்டி உள்ளே சாவியைப் போட்டு, மத்த மாடிக்காரங்க பட்டனை அமுக்கினா போகாதபடி நிறுத்தி வெச்சிருந்தார். மூணு சுவத்துலயும் கொக்கி மாட்டி, தடியான மெத்தை மாதிரி பேட் தொங்கவிட்டிருந்தாங்க. தரையில அட்டை. மேனேஜர் முன்கூட்டியே என்னை நிக்க வெச்சு, உள்சுவரையெல்லாம் போட்டோ எடுத்திருந்தார். முடிஞ்சதும் மறுபடி எடுப்பார். புதுசா ஒரு கீறல் இருந்தா டெபாசிட்டுல கை வைப்பாங்க.

ரெண்டு ஆளுங்க கட்டிலை உருட்டிக்கிட்டுப் போனாங்க. தலைப்பக்கம் உள்ளே போய்ப் பின்சுவத்து பேட்ல முட்டிச்சு. கால்பக்கம் வாசல்ல நாலு விரல் நீட்டிக்கிட்டு நின்னுச்சு. கதவு மூட வந்தது, கட்டிலைத் தொட்டது, திறந்துக்கிச்சு. மறுபடி வந்தது, மறுபடி திறந்துக்கிச்சு.

"அளந்துதானே வாங்கினீங்க?"ன்னு மேனேஜர் கேட்டார்.

அளந்தேன் சார். டேப்பை வெச்சு, ஒருத்தருக்குத் தெரியாம, அந்த லிஃப்டை நீளம் அகலம் உயரம் எல்லாம் அளந்தேன். கட்டில் ரெண்டு விரல் இடம் விட்டு உள்ளே போகும்னு கணக்குப் போட்டேன். ஆனா அளந்தது சாயங்காலம், வெறும் லிஃப்டை. பேட் மாட்டினா அதோட தடிமன் உள்ளே இடத்தைச் சாப்பிடும்ங்கிறது என் மரமண்டைக்கு எட்டலை.

"பின்னாடி பேடை மட்டும் கழட்டுங்க சார்"னேன்.

"முடியாது மேடம். பொருள் ஏத்தினா மூணு பக்கமும் பேட் இருக்கணும். போன வருஷம் ஒருத்தர் அலமாரியை இடிச்சு பின்தகடே மாத்த வேண்டியதாப் போச்சு. கமிட்டி என்னைப் பிச்சு எடுத்துட்டாங்க. என் வேலையில கை வைக்காதீங்க."

நிமிர்த்திப் பார்த்தோம், வாசல் உயரம் பத்தலை. கோணலா நுழைச்சுப் பார்த்தோம், அகலம் விடலை. "பிரிச்சு ஏத்துங்க"ன்னேன். "ஒரே பிரேம்மா, வெல்டிங் பண்ணினது"ன்னு அந்த ஆள் அடியில குனிஞ்சு காட்டினார். படிக்கட்டுல திருப்பத்துக்கு இடமே கிடையாது. எனக்கு வேர்த்துக் கொட்டிச்சு.

அந்த நேரம் பார்த்து வந்து நின்னார் ஒன்பதாம் மாடிக்காரர். வீடு காலி பண்றார். பன்னிரண்டிலிருந்து ரெண்டு மணி வரைக்கும் அவர் ஸ்லாட். சாமானெல்லாம் மேல வாசல்ல அடுக்கியாச்சு, லாரி வெளியில நிக்குது. அவர் வீட்டுக்குப் புதுசா வர்றவங்களுக்கு ரெண்டு மணிக்கு ஸ்லாட்.

"அம்மா, பன்னிரண்டுக்கு லிஃப்ட் என் கைக்கு வரணும். இப்பவே சொல்லிட்டேன்."

"எனக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியும்"னு வெடுக்குன்னு சொன்னேன். பாவம், அவர் மேல என்ன தப்பு? ஆனா யார் மேலயாவது விழுந்து பிடுங்கணும் போல இருந்தது.

ஆஸ்பத்திரியிலேருந்து அவரை ஆம்புலன்சுல கூட்டிக்கிட்டு வந்துக்கிட்டிருந்த கொழுந்தனுக்குப் போன் போட்டேன். "தம்பி, கொஞ்சம் மெதுவா வாங்க"ன்னேன்.

"என்ன அண்ணி, கட்டில் ஏறலையா?" கண்டுபிடிச்சுட்டான். "அபார்ட்மென்ட் கேட் கிட்டயே வந்துட்டோம். பரவாயில்லை, நீங்க டென்ஷன் ஆகாதீங்க. அப்படியே திருப்பிடறேன்."

"திருப்பினீங்கன்னா பாருங்க!"ன்னு நான் கத்தின கத்துல செக்யூரிட்டி நாற்காலியை விட்டு எழுந்துட்டார்.

ஆம்புலன்ஸ் வாசல்ல நின்னுச்சு. ஸ்ட்ரெச்சர்ல அவரை இறக்கினாங்க. ஒரு வாரத்துல ஆள் பாதியாயிட்டார். தாடி முளைச்சு, கண்ணு உள்ளே போய்... நான் கிட்ட போகலை. போனா அழுதுடுவேன்.

மேனேஜர் அவரைப் பார்த்ததும் சட்டுனு மாறினார். "கட்டிலை வெளியே இழுங்க! பேடை எல்லாம் கழட்டு!"ன்னு செக்யூரிட்டிக்குக் குரல் கொடுத்தார். "நோயாளின்னா முதல் வழி அவங்களுக்குத்தான். ஸ்லாட் கணக்கெல்லாம் அப்புறம். பேட் தொங்கினா ஸ்ட்ரெச்சர் சக்கரத்துல மாட்டும், கூட வர்றவங்களுக்குக் கைப்பிடியும் கிடைக்காது." ஒன்பதாம் மாடிக்காரரும் வழி விட்டு ஒதுங்கி நின்னார்.

கட்டில் வெளியே வந்தது. பேட் மூணும் இறங்கிச்சு. வெறும் தகடு பளபளன்னு தெரிஞ்சுது. மனுஷன் போகலாம், அவர் படுக்க வேண்டிய கட்டில் போகக் கூடாது!

"மேல கொண்டு போய் எங்கே படுக்க வைப்பீங்க அண்ணி? தரையிலயா?"ன்னு கொழுந்தன் மெதுவாத்தான் கேட்டான். "பிடிவாதம் பிடிக்காதீங்க. ஹோம்ல எல்லாம் ரெடியா இருக்கு." ஆம்புலன்ஸ் ஆளுங்க ரெண்டு பேரும், மேலயா வண்டிக்கான்னு எங்க முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னாங்க.

நான் கட்டில் கம்பியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டேன்.

அப்போ ஸ்ட்ரெச்சர்லேருந்து குரல் வந்தது. "ஏண்டி, அதானே என் கட்டில்?"

"ஆமாங்க."

"என்னைத் தூக்கி அதுல படுக்க வைக்கச் சொல்லு."

"இங்கேயா? லாபியிலயா?"

"நோயாளிக்கு ஸ்லாட் வேண்டாம், பேட் வேண்டாம்னு சார் சொன்னாரே, காதுல விழலை? நான் கட்டில்ல படுத்திருக்கேன். கட்டிலுக்குச் சக்கரம் இருக்கு. அப்புறம் அது பொருளா, நோயாளியா?"

மேனேஜர் கட்டிலைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சார், அது வந்து..."ன்னு இழுத்தார்.

"அண்ணா, வேண்டாம்"னு கொழுந்தன் குறுக்கே வந்தான். "உங்களை மாத்திப் படுக்க வெச்சதும் இவங்க ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்க. அப்புறம் அது உள்ளே போகலேன்னா? நடு லாபியில கிடப்பீங்களா? நீங்கதானே ஹோமே போதும்னு சொன்னீங்க?"

"சொன்னேன். இவ வேண்டாம்னு சொல்லுவாளான்னு பார்த்தேன்"னார். என்னை நேராப் பார்த்தார். "அளந்தியாடி?"

"அளந்தேன். பேட் இல்லாம அளந்தேன். ரெண்டு விரல் இடம் இருக்கு."

"அப்போ மாத்துங்க."

மேனேஜர் ஸ்லாட் காகிதத்தை மடிச்சுச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டார். "கீறல் விழுந்தா டெபாசிட் போயிடும் மேடம், நான் ஒண்ணும் பண்ண முடியாது"ன்னார். "டெபாசிட் போனா மயிராச்சு!"ன்னுட்டேன். இன்னிக்கும் நினைச்சா வெக்கமா இருக்கு.

நாலு பேர் விரிப்போட சேர்த்து, இடுப்பு அசையாம ஒரே தூக்கா அவரை மாத்தினாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டார். தலைப்பக்கத்துல ஒரு கை குறைஞ்சப்போ ஓடி வந்து பிடிச்சது யாருன்னு நினைக்கிறீங்க? ஒன்பதாம் மாடிக்காரர்தான். மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. அது அவரோட நேரம்.

கட்டிலை உள்ளே விட்டாங்க. தலைப்பக்கம் தகட்டுக்கு ஒரு நூல் முன்னாடி நின்னுச்சு. பக்கத்துல ஒடுக்கமா ஒரு ஆள் நிக்கத்தான் இடம். வயித்தை எக்கிக்கிட்டு நான் நுழைஞ்சேன். மேனேஜரே கையை உள்ளே விட்டு ஏழாம் மாடி பட்டனை அமுக்கினார்.

கதவு வந்தது. ஏதோ தட்டிச்சு. திறந்துக்கிச்சு.

வெளியில அத்தனை பேரும் கழுத்தை நீட்டிப் பார்க்கறாங்க. ஆம்புலன்ஸ் ஏற்கனவே கிளம்பிடுச்சு. கதவு மறுபடி வந்தது, மறுபடி திறந்துக்கிச்சு. ஆம்புலன்சைத் திரும்பக் கூப்பிடக் கொழுந்தன் போனை வெளியே எடுத்தான்.

"போர்வை! போர்வை!"ன்னு ஒன்பதாம் மாடிக்காரர் கத்தினார். கால்பக்கம் போர்வை முடிச்சு வெளியே துருத்திக்கிட்டிருந்தது. அவரே குனிஞ்சு அதை மெத்தைக்கு அடியில திணிச்சார்.

கதவு வந்தது. மெல்ல, ரொம்ப மெல்ல. மூடிக்கிச்சு.

லிஃப்ட் ஏற ஆரம்பிச்சுது. அந்த ஒடுக்கத்துல அவர் என் கையைத் தேடிப் பிடிச்சார். நான் அழுதேன். யார் பார்க்கப் போறா?

"அழுமூஞ்சி"ன்னார்.

"நீங்க என்னைச் சோதிச்சுப் பார்த்தீங்களா? ஒரு வாரமா எனக்குத் தூக்கம் இல்லை. நல்லா எழுந்திருங்க, உங்களுக்கு இருக்கு."

சின்ன லிஃப்ட்ல பின்னாடியே வந்த ஆளுங்க வீட்டுக்குள்ளே ஜன்னலோரமா கட்டிலை நிறுத்தினப்புறம் மேனேஜர் மேல வந்தார். கையில அந்த ஸ்லாட் காகிதம். லிஃப்டைப் பார்த்துட்டாராம், கீறல் இல்லையாம். "பொருள் எதுவும் ஏத்தலைன்னு எழுதிக்கறேன் மேடம். டெபாசிட் ரெண்டு நாள்ல வந்துடும்"னு சிரிக்காமலே சொல்லிட்டு, ஒன்பதாம் மாடிக்குப் பேட் மாட்ட ஓடினார்.

இவர் ஜன்னல் வழியா வெளியே பார்த்துக்கிட்டிருந்தார். கொஞ்ச நேரம் கழிச்சு, "ஏண்டி, வாடகைக் கட்டில்தானே? திருப்பிக் கொடுக்கும்போது இதைக் கீழே இறக்கறது எப்படி?"ன்னார். "பேடோட ஏறாதது, பேடோட இறங்குமா?"

எனக்கும் அப்போதான் உறைச்சுது. அப்புறம் போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன்.

"நீங்க எழுந்து நடங்க"ன்னேன். "இந்தக் கட்டிலை நான் அறுத்தாவது இறக்கறேன்."