பென்சில் சீட்டு

நாலாவது தடவையாகக் கோப்பு திரும்பி வந்ததும் கணக்கு வாத்தியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓய்வு பெற்றுப் பதினோரு வருடம் ஆகியும், வகுப்புக்கு மணி அடித்துவிட்டதைப் போன்ற அவசரம் அவர் நடையில் அப்படியே இருந்தது. மருமகன் அரசு வேலையில் இருக்கும்போதே இறந்துபோனான். குடும்பத்தில் ஒருவருக்கு அந்த இலாகாவில் வேலை தருவார்கள். ஆனால் மூன்று வருடத்துக்குள் விண்ணப்பம் பதிவாகியிருக்க வேண்டும். நாளை சாயங்காலத்தோடு அந்த மூன்று வருடம் முடிகிறது. மகளுக்கு இதை விட்டால் வேறு கதியில்லை.

விண்ணப்பப் பிரிவு அதிகாரியின் அறைக்குள் கேட்காமலே நுழைந்தார். நாற்காலியில் இருந்தவன் நிமிர்ந்தான். காதோரம் நரைத்திருந்தாலும் அந்தத் திருட்டு முழியை எங்கே மறப்பது? எட்டாம் வகுப்பில் எழுதியதைவிட அழித்ததே அதிகம் என்று பையன்கள் ‘ரப்பர்’ என்று பேர் வைத்த அதே ஆசாமி.

“சார்! நீங்களா? உக்காருங்க சார். டீ சொல்லட்டுமா?”

“டீயும் வேணாம், நாற்காலியும் வேணாம்” என்று ஆரம்பித்தவர் அப்புறம் நிறுத்தவேயில்லை. மேசைக்கும் சன்னலுக்குமாக நடந்துகொண்டே பொரிந்து தள்ளினார்.

“இந்தக் கோப்பைப் பாரு. முதல் தடவை, வாரிசுச் சான்றிதழ்ல என் பொண்ணு பேருக்கு இனிஷியல் இல்லன்னே. அலைஞ்சு திரிஞ்சு வாங்கிட்டு வந்தா. அடுத்த தடவை, மாமியார்கிட்ட ஆட்சேபணை இல்லன்னு கடிதம் வேணும்னே. ஏன், அது முதல் நாளே உனக்குத் தெரியாதா? மூணாவது தடவை, அந்தக் கடிதத்துல சாட்சிக் கையெழுத்து ஒண்ணு குறையுதுன்னே. அதுக்குள்ள, மறுமணம் செஞ்சுக்கலங்கற சான்றிதழுக்கு ஆறு மாசம் முடிஞ்சுபோச்சு. நாலாவதா அதைப் பிடிச்சுக்கிட்டே! ஒண்ணைச் சரி பண்றதுக்குள்ள இன்னொண்ணு காலாவதி ஆகுது.

“ஒவ்வொரு தடவையும் இத்துனூண்டு சீட்டுல, பென்சில்ல எழுதறே. கையெழுத்து இல்ல, தேதி இல்ல. ஏன்னு நேத்துதான் எனக்கு விளங்கிச்சு. கோப்பைப் பதிவேட்டுல ஏத்தி நம்பர் போட்டுட்டா, தள்ளுபடி பண்றதுக்கு நீ காரணம் எழுதிக் குடுத்தாகணும். அதை வச்சு உன் மேலதிகாரிகிட்ட போகலாம். நம்பர் போடாம கையிலயே திருப்பிட்டா? என் பொண்ணு இங்க வந்ததுக்கே அடையாளம் கிடையாது. நாளன்னிக்கு நீ, ‘விண்ணப்பமே வரலையேம்மா’ன்னு சொல்லலாம். எதுத்தாப்புல டைப் அடிக்கிற கடைக்காரன் மட்டும், ‘என்கிட்ட குடுங்க, ஒரே நடையில முடிச்சுத் தரேன், கொஞ்சம் கவனிச்சுக்கணும்’ங்கறான். நீ என்னென்ன குறை சொல்லுவேன்னு அவனுக்கு மட்டும் எப்படிடா முன்கூட்டியே தெரியுது?

“இதைக் கண்டுபிடிச்சப்ப எனக்குக் கோபம் வரல, வெக்கம்தான் வந்துச்சு. ஏன்னா இது நான் பண்ணின வேலை. உன் நோட்டுல ஆறு தப்பு இருந்தாலும் முதல் தப்புக்கு மட்டும் கோடு போட்டுத் திருப்பிக் குடுப்பேன். மிச்சத்தை நீயே தேடும்பேன். நீ திரும்பத் திரும்ப வந்து நிப்பே. நீயாத் தேடிக் கத்துக்கணும்னுதான் அப்படிச் செஞ்சேன். ஒரு மனுஷனை எப்படி அலைய விட்டு ஓய வைக்கறதுன்னு நீ கத்துக்கிட்டிருக்கே! வெளியில பெஞ்சு நிறைய ஆளுங்க. எல்லார் கையிலயும் பென்சில் சீட்டு. அத்தனை பேருக்கும், இருக்கிற குறை எல்லாத்தையும் ஒரே தாள்ல, மையில எழுதி, கையெழுத்துப் போட்டுக் குடு. அதுவரைக்கும் நான் இந்த இடத்தை விட்டு நகர மாட்டேன்.”

அவருக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ரப்பருக்கோ முகம்கூடச் சுருங்கவில்லை.

“உங்க பொண்ணுன்னு தெரியாமப் போச்சே சார்” என்று பதிவேட்டை இழுத்தான். நம்பர் எழுதினான், ரசீதில் முத்திரை குத்தினான், கையெழுத்தையும் தேதியையும் மையிலேயே போட்டான். எல்லாம் இரண்டே நிமிடம். “அந்தச் சான்றிதழை மெதுவாக் கொண்டுவரட்டும். நான் பாத்துக்கறேன்.”

“மத்தவங்களுக்கு?”

ரசீது இன்னும் அவன் விரல்களுக்கு அடியிலேயே இருந்தது. “அதெல்லாம் ஆபீஸ் விஷயம் சார். நீங்க இதை வாங்கிக்கங்க.”

வாத்தியார் அந்த விரல்களைப் பார்த்தார். மகளின் முகம் நினைவுக்கு வந்தது. கையை நீட்டி ரசீதை வாங்கிக்கொண்டார். நகர மாட்டேன் என்று சொன்னவர், கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வெளியே வந்தார்.

பெஞ்சின் ஓரத்தில் இருந்த அம்மாள் அவர் கையில் இருந்த ரசீதின் முத்திரையைப் பார்த்துவிட்டாள். “அண்ணே, எனக்கு இது ஏழாவது நடை. உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே, போன சுருக்குல முடிஞ்சுது?”

“அவன் என்கிட்ட படிச்சவன்மா” என்றார். குரலில் பெருமை இருந்தது. அது அவர் காதிலேயே விழுந்து உடம்பு கூசியது.

அந்த அம்மாள் சட்டென்று எழுந்து தன் பென்சில் சீட்டை அவர் கையில் திணித்தாள். “அப்ப எனக்காகவும் ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே” என்று குரலைத் தாழ்த்தினாள். “உங்களைக் கவனிச்சுக்கறேன்.”