பிஎச்.டி.க்கு மட்டும்

சேலத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் செட் தேர்வு, கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தகுதித் தேர்வு. வாசலில் நின்ற கூட்டத்தில் தஸ்லீமைப் பார்த்ததும் கலைவாணனுக்கு அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. பென்னாகரம் கல்லூரியில் பி.ஏ. வரலாற்றில் அவரிடம் மூன்று வருடம் படித்தவள். அவள் அதற்குள் அவரைக் கண்டுகொண்டு பக்கத்தில் வந்துவிட்டாள்.

"சார், டியூட்டிக்கு வந்திருக்கீங்களா?"

"ஆமாம்மா" என்று வாயில் வந்துவிட்டது. கண்காணிப்பாளர்கள் போகும் வழியில் கொஞ்ச தூரம் நடந்து, அவள் உள்ளே போன பிறகு திரும்பி வந்து வரிசையில் கடைசியாக நின்றார். கைரேகை வைத்து, இருக்கை எண் பார்த்து, கணினி முன் உட்கார்ந்து நிமிர்ந்தால் எதிர் வரிசையில் தஸ்லீம். அவள் ஒரு நொடி பார்த்தாள். பிறகு எதுவும் பார்க்காதவள் போலத் தன் திரைக்குள் குனிந்துகொண்டாள்.

கலைவாணன் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்து பதினான்கு வருடம் ஆகிறது. பெயரில்தான் கௌரவம். ஒவ்வொரு ஆண்டும் புதிதாக ஆணை வர வேண்டும், கோடை விடுமுறை மாதத்தில் சம்பளம் கிடையாது. எம்.ஏ., எம்.பில். படித்தவர். எம்.பில். இருந்தால் போதும் என்ற காலம் ஒன்று இருந்தது. அவர் தனியார் பள்ளி வேலைக்கு நடுவே அதை முடித்து வெளியே வந்தபோது விதி மாறியிருந்தது. தேசிய அளவிலான நெட், மாநில அளவிலான செட் இரண்டில் ஒன்றில் தேற வேண்டும், இல்லாவிட்டால் பிஎச்.டி. முடித்திருக்க வேண்டும். கௌரவ விரிவுரையாளர்களிடம் மட்டும் அப்போது அதைக் கண்டிப்பாகக் கேட்கவில்லை. அன்றிலிருந்து எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். வரலாற்றுத் தாளில் அவருக்குப் பயமில்லை. எல்லோருக்கும் பொதுவான முதல் தாள்தான் ஒவ்வொரு முறையும் காலை வாரியது. எண் தொடர், விழுக்காடு, வட்ட வரைபடத்தைப் பார்த்துப் போடும் கணக்கு என்று வந்தால் பத்தாம் வகுப்புப் பையன் போல விரல் விட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

திரும்பும் பேருந்தில் தஸ்லீம் முன் இருக்கையில் இருந்தாள். சேலம் தாண்டியதும் திரும்பி, முகலாயர் நிலவரி பற்றிய ஒரு கேள்விக்கு என்ன விடை என்று சாதாரணமாகக் கேட்டாள். அவர் சொல்லத் தொடங்கி, தொப்பூர் கணவாய் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு நிறுத்தினார்.

"டியூட்டின்னு சொன்னது பொய்ம்மா."

"தெரியுங்க சார். நானும் வூட்ல பிரண்டுக்குக் கல்யாணம்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். இன்னும் எத்தினி பரிச்சைன்னு எங்கப்பா கேக்கறாருங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள்.

முடிவு வந்தது. தஸ்லீம் தேறினாள், கலைவாணன் தேறவில்லை. இரண்டு தாளிலும் குறைந்தபட்ச மதிப்பெண் எடுத்திருந்தார். ஆனால் எடுத்தவர்கள் எல்லோரும் தேறியவர்கள் இல்லை. மொத்தமாக எழுதியவர்களில் மேலே இருக்கும் சிறு விழுக்காட்டினருக்குத்தான் சான்றிதழ்.

அந்த வருடமே கௌரவ விரிவுரையாளர் பணிக்கு இணைய வழியில் விண்ணப்பம் கேட்டார்கள். தஸ்லீம் போட்டாள். சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து அவளுக்கு ஒதுக்கப்பட்டதும் அதே பென்னாகரம் கல்லூரி, அதே வரலாற்றுத் துறை. அவள் சேர்ந்த வாரத்திலேயே துறைத்தலைவர் ஜாஸ்மின் கலைவாணனைக் கூப்பிட்டனுப்பினார். தகுதி இல்லாமல் பணியில் இருப்பவர்களின் விவரத்தை மேலிடத்தில் கேட்டிருப்பதாகவும், பாடவேளை நிறைய இருப்பதால் இந்த வருடம் பிரச்சினை இல்லை, அடுத்த வருடத்துக்குத் தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். சொல்லும்போது கலைவாணன் முகத்தைப் பார்க்கவில்லை.

கலைவாணன் துறைக்குத் திரும்பினார். தஸ்லீம் எங்கே உட்காருவது என்று தெரியாமல் கைப்பையோடு நின்றிருந்தாள். அவர் தன் மேசையிலிருந்த புத்தகங்களை ஓரமாக நகர்த்தி பாதி இடம் ஒதுக்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனவருக்கு அன்றைக்குப் பாடம் ஓடவில்லை. பிள்ளைகளைப் படித்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு சன்னலருகே நின்றார்.

பாப்பாரப்பட்டியில் வீடு. மனைவி நிர்மலாதேவி அங்கன்வாடிப் பணியாளர். சாயங்காலம் அவளிடம் நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண் தகுதியோடு வந்திருக்கிறாள், நான் தகுதி இல்லாமல் உட்கார்ந்திருக்கிறேன், பேசாமல் ஏதாவது தனியார் பள்ளிக்கே திரும்பிப் போய்விடலாம் போலிருக்கிறது என்றார். நிர்மலாதேவி கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கணக்குத் தாளுல அந்தப் பொண்ணுக்கு என்ன மார்க்காம்?"

"நல்ல மார்க்குதான்."

"அப்ப அதுகிட்டயே கத்துக்கங்க. ஒங்களுக்கு வெக்கமா இருந்தா எங்கிட்ட வெக்கப்படுங்க, பரவால்ல. அதுகிட்ட வெக்கப்பட்டு ஒரு வருசத்த வீணாக்காதீங்க."

மறுநாள் கேட்கலாம் என்று போனார், கேட்கவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வெள்ளிக்கிழமை மதியம் தஸ்லீம் தொழுகை முடித்து வந்து உட்கார்ந்தபோது, வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தவர் நடுவில், "எனக்கு அந்த விழுக்காட்டுக் கணக்கக் கொஞ்சம் சொல்லித் தர்றியாம்மா?" என்று கேட்டேவிட்டார். அவள் உடனே ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். ஏன், எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை.

கடைசி வகுப்பு முடிந்ததும் துறை நூலகத்தில் தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தார்கள். அவர் கற்றுக்கொள்வதில் மெதுவானவர் இல்லை, பயந்தவர் என்று அவள் சீக்கிரமே புரிந்துகொண்டாள். நிலவரி விழுக்காடு, மக்கள்தொகைக் கணக்கு என்று அவர் பாடத்திலிருந்தே எண்களை எடுத்துக் கணக்குப் போடச் சொன்னாள். அது பிடிபட்டது.

ஐப்பசியில், வரும் வரும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் புதிதாக அறிவிப்பு வெளியிட்டது. கல்லூரி முழுக்க அதே பேச்சு. கலைவாணன் விண்ணப்பிக்க முடியாது. வாசற்படியிலேயே தகுதியைக் கேட்பார்கள். தஸ்லீம் விண்ணப்பித்தாள். இரண்டு நாள் அவரிடம் அதைச் சொல்லாமலே இருந்தாள். அவராகத்தான் கேட்டார்.

"போட்டுட்டியா?"

"போட்டுட்டேங்க சார்."

"கட்டுரை மாதிரி எழுதற பகுதியில நீ வளவளன்னு எழுதுவ. நாளையில இருந்து கணக்குக்கு அரை மணி, ஒனக்கு அரை மணி."

அப்படியே நடந்தது. அவள் எழுதியதை அவர் சிவப்பு மையால் வெட்டித் தள்ளினார். மார்கழியில் அவள் வாரியத் தேர்வை எழுதினாள். அடுத்த சில நாளில் அவர் நெட் எழுதினார். வரலாற்றுக்கு அதில் ஆங்கிலமும் இந்தியும்தான். பதினான்கு வருடம் தமிழில் நடத்திய பாடத்தை ஆங்கிலத்தில் படித்து, ஒவ்வொரு கேள்வியையும் மனதுக்குள் தமிழாக்கி விடை போட்டார். முதல் தாளில் வட்ட வரைபடம் வந்தது. விரல் விட்டு எண்ணாமல் போட்டார்.

நெட் முடிவு மாசியில் ஒரு மதியம் வெளியானது. அலைபேசியில் "தகுதி" என்ற பொருளில் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கலைவாணன் பார்த்தார். மேற்கொண்டு படிக்கவில்லை. பக்கத்தில் இருந்த ஒரு மாணவன் எட்டிப் பார்த்துவிட்டுக் கத்த, மூன்றாம் ஆண்டு வகுப்பே வெளியே வந்துவிட்டது. யாரோ ஓடிப்போய் இனிப்பு வாங்கி வந்தார்கள். அவர் நிர்மலாதேவிக்குப் போன் செய்தார். அவள் அங்கன்வாடிக் குழந்தைகளின் சத்தத்துக்கு நடுவே அழுதது கேட்டது.

தஸ்லீம்தான் அலைபேசியை வாங்கி முழுதாகப் படித்தாள். படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் வாங்கிப் பார்த்தார். பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி என்று இருந்தது.

இப்போது நெட்டில் மூன்று படி உண்டு. மேல் படியில் இருப்பவர்களுக்கு உதவித்தொகையும் உதவிப் பேராசிரியர் தகுதியும். அடுத்த படிக்கு உதவிப் பேராசிரியர் தகுதியும் பிஎச்.டி. சேர்க்கையும். கடைசிப் படிக்குப் பிஎச்.டி. சேர்க்கை மட்டும்தான். பாடம் நடத்தும் தகுதி அதில் இல்லை.

மாணவர்களுக்கு இதெல்லாம் தெரியாது. இனிப்பை அவர் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் ஒரு துண்டு வாங்கிக்கொண்டார். எல்லோரையும் வகுப்புக்கு அனுப்பிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வூட்ல வேற சொல்லிட்டேன்" என்றார்.

ஜாஸ்மின் உள்ளே வந்து எதிரில் அமர்ந்தார். அன்றைக்கு அவர் முகத்தை நேராகப் பார்த்துத்தான் பேசினார்.

"கலைவாணன், இது தோல்வி இல்லைங்க. பிஎச்.டி.க்கு நுழைவுத் தேர்வு தனியா எழுத வேண்டாம். இந்த மார்க்குக்கு எழுபது சதம், நேர்முகத்துக்கு முப்பது. ஒரு வருசத்துக்குத்தான் செல்லும். விட்டா போயிரும்."

"நாப்பத்தாறு வயசாயிருச்சுங்க மேடம். பகுதி நேரமாச் சேந்தா முடிக்கறதுக்குள்ள அம்பதத் தாண்டிருவேன்."

"வாரியத்துக்கு அம்பத்தேழு வரைக்கும் போடலாம். சேராம இருந்தாலும் அம்பது வரத்தான் போவுது."

இதை அவர் கடுமையாகச் சொல்லவில்லை. கலைவாணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போய் நிர்மலாதேவியிடம் இருப்பதை இருக்கிறபடி சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, சேர்ந்தால் அடுத்த நெட் எழுதக்கூடாது என்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். அப்படியெல்லாம் இல்லை என்றார். "அப்ப ரெண்டையும் செய்ங்க. ஒண்ணு கெடைக்கற வரைக்கும் இன்னொண்ணு ஓடட்டும்" என்றாள்.

என்ன ஆய்வு செய்வது என்பதில் அவருக்குக் குழப்பமில்லை. மேட்டூர் அணை கட்டியபோது நீரில் மூழ்கிய ஊர்களிலிருந்து கிளம்பி ஏரியூர்ப் பக்கம் வந்து குடியேறியவர்களின் கதை பல வருடமாக அவரை அரித்துக்கொண்டிருந்தது. கட்டுரைகள் என்று இரண்டு வெளியிட்டிருந்தார். முதலாவது, கருத்தரங்கில் பணம் கட்டியவர்கள் எல்லோருக்கும் போட்டுக் கொடுத்த இதழில் வந்தது. அதை இப்போது யாரிடமும் காட்டுவதில்லை. இரண்டாவது, இந்தக் குடியேற்றத்தைப் பற்றியது. ஒரு நல்ல ஆய்விதழ் அதை இரண்டு முறை திருப்பி அனுப்பி, சான்று எங்கே, சான்று எங்கே என்று கேட்டு, கடைசியில் ஏற்றுக்கொண்டது.

பல்கலைக்கழகத்தில் நேர்முகத்துக்குப் போனபோது அவரைச் சுற்றி இருந்ததெல்லாம் இருபதுகளில் இருந்த பிள்ளைகள். வாசலில் ஒரு பெண் அவரைப் பேராசிரியர் என்று நினைத்து எழுந்து நின்றாள். "உக்காரும்மா, நானும் இன்டர்வியூக்குத்தான் வந்திருக்கேன்" என்று இந்த முறை உடனே சொல்லிவிட்டார். குழுவில் இருந்த ஒரு பேராசிரியை அவருடைய இரண்டாவது கட்டுரையைப் படித்திருந்தார். பக்கத்தைத் திருப்பி, பட்டா இல்லாத கூலிக்காரர்களுக்கு இழப்பீடு கிடைத்ததா என்று எழுதவில்லையே, ஏன் என்று கேட்டார்.

"தெரியாததால எழுதலைங்க மேடம். அதத் தெரிஞ்சுக்கறதுக்குத்தான் சேர வந்திருக்கேன்."

இடம் கிடைத்தது. கேள்வி கேட்ட அதே பேராசிரியை நெறியாளராக இருக்க ஒப்புக்கொண்டார். கல்லூரி முதல்வர் தடையின்மைச் சான்று கொடுத்தார். அடுத்த ஆண்டுக்கான ஆணை வருமா என்பது இன்னும் தெரியவில்லை. தஸ்லீமும் காத்துக்கொண்டுதான் இருக்கிறாள். வாரியத்தின் அடுத்த கட்டம் எப்போது என்று தினமும் ஒருமுறை இணையதளத்தைத் திறந்து பார்க்கிறாள். பார்த்து முடித்ததும் மூடிவிட்டு, ஆனி மாத நெட்டுக்காக அவருக்கு எண் தொடர் கணக்குகளைக் குறித்துத் தருகிறாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கலைவாணன் ஏரியூருக்குக் கிளம்பினார். வண்டியின் பின்னால் நிர்மலாதேவி. அலைபேசியில் பேச்சைப் பதிவு செய்வது தன் வேலை என்று அவளாகவே சொல்லிவிட்டாள். முதலில் போனது ஒரு விவசாயி வீடு. அவர் தன் அப்பா சொன்னதை நினைவுபடுத்தி நினைவுபடுத்திச் சொன்னார், நடுவில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார், திரும்பி வந்து வேறு இடத்திலிருந்து தொடங்கினார். மதியமாகியும் அவர் சொன்ன கதையில் மூழ்கிய ஊரைவிட்டு அந்தக் குடும்பம் இன்னும் கிளம்பவே இல்லை.

வெளியே வந்து வண்டியை உதைத்துக்கொண்டே கலைவாணன் சொன்னார்.

"இது அடுத்த ஞாயித்துக்கெழமயும் வந்தாத்தான் ஆவும்."

"வரலாம்" என்றபடி நிர்மலாதேவி பின்னால் ஏறிக்கொண்டாள்.