அறுபத்து நான்காவது ஆள்

எங்கள் பஸ்ஸில் எல்லாரும் தங்கள் சம்பளத்தைச் சத்தமாகச் சொல்வார்கள். நான் மட்டும் சொல்வதில்லை. வாயைத் திறந்தால் மற்றவர்களுடையதும் சேர்ந்து வந்துவிடுமோ என்ற பயம்.

மண்கும்பானில் உள்ள நண்டு பதனிடும் கம்பனியில் நான் ஆளணி அலுவலர். படித்தது விலங்கியல். நேர்முகத்தில் நண்டைப் பற்றி யாராவது கேட்பார்கள் என்று இரண்டு நாள் படித்துக்கொண்டு போனேன். முகாமையாளர் சில்வெஸ்ரர் சேர் கேட்டது ஒன்றே ஒன்று: "எக்ஸெல் தெரியுமோ?"

"ஓம் சேர்."

"அப்ப நாளைக்கு வாரும்."

அப்படித்தான் அறுபத்து நான்கு பேருடைய சம்பளமும் என் மடிக்கணினிக்குள் வந்து சேர்ந்தது. அந்த அறுபத்து நான்கில் நானும் ஒன்று.

நான் சரவணையில் பஸ் ஏறும்போது மாக்கிறேற் அக்கா கரம்பனிலிருந்தே எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பார். ஒன்பது வருடமாக மேற்பார்வையாளர். நண்டுச் சதையை விரலால் தொட்டதும் ஓட்டுத் துண்டு இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார் என்பார்கள். என்னைப் பொறுத்தவரை அவர், நான் பேசாவிட்டாலும் குறை நினைக்காமல் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிற ஒரே மனிசி.

"பிரியா, உமக்குத் தெரியுமோ? பண்ணைப் பாலத்துக்கு அங்கால புதுசாத் திறந்த கம்பனியில என்னைக் கேட்டவை."

"எவ்வளவு?" என்று முன் இருக்கையிலிருந்து ஒரு குரல் கேட்டது. யாரென்றே தெரியாது.

"அறுபத்தெட்டு!"

பஸ் முழுக்க ஒரு முனகல் ஓடியது. நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். அவருடைய இப்போதைய சம்பளம் ஐம்பத்தேழாயிரத்து ஐந்நூறு. எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"புதன் பின்னேரம் அஞ்சு மணிக்குள்ள முடிவு சொல்லவேணுமாம். பஸ்ஸில இன்னும் இருவது நிமிசம் கூட இருக்கவேணும், அவ்வளவுதான். என்ன சொல்லுறீர்?"

அந்த வாரம் முழுக்க மடியில் வைத்திருந்தது சம்பளங்களைத் திருத்தக் கேட்கும் மெமோதான். புதன்கிழமை இரண்டு மணிக்குக் கொழும்பிலுள்ள பணிப்பாளர்கள் அதைப் பார்க்கப்போகிறார்கள். முடிவு வரும்வரை யாருக்கும் மூச்சுவிடக் கூடாது என்பது சில்வெஸ்ரர் சேரின் கட்டளை.

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா" என்றுகூடச் சொல்ல ஏலாது. அதுவே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

"இந்தப் பிள்ளையோட கதைக்கிறதும் கோயில் மாடத்தில நிக்கிற மாதா சுருவத்தோட கதைக்கிறதும் ஒண்டு. மாதாவாவது கொஞ்சம் சிரிப்பா" என்றார் அக்கா. பஸ் சிரித்தது.

மெமோ கதை இதுதான். எங்கள் கம்பனியில் ஐந்து படிநிலைகள். ஒவ்வொன்றுக்கும் ஆகக் குறைந்த சம்பளம், நடு, ஆகக் கூடியது என்று மூன்று எண்கள். அவற்றைக் கடைசியாகத் திருத்தி நாலு வருடம். மேற்பார்வையாளர் படிநிலையின் நடு அறுபதாயிரம். மாக்கிறேற் அக்கா அதற்குக் கிட்டத்தான் நிற்கிறார். அதனால் எங்கள் அட்டவணையை மட்டும் பார்த்தால் ஒரு பிழையும் தெரியாது.

கம்பனி காசு கொடுத்து வாங்கிய சம்பளச் சந்தை ஆய்வை விரித்ததும்தான் பிழை வெளித்தது. வேலையின் பெயரைப் பார்த்து ஒப்பிடக் கூடாது, செய்கிற வேலையைப் பார்க்க வேண்டும். அதனால் பொறுப்பு விவரங்களை ஒவ்வொன்றாகப் பொருத்தினேன். ஆய்வு போன வருடத்தது என்பதால் சம்பளம் ஏறிய வீதத்தைச் சேர்த்து இன்றைக்குக் கொண்டுவந்தேன். நாட்டின் உணவு பதனிடும் கம்பனிகளில் மேற்பார்வையாளர் சம்பளத்தின் இடையம் எழுபதாயிரம். அதாவது பாதிப்பேர் அதற்கு மேலே வாங்குகிறார்கள்.

கம்பனிக்குள் பார்த்தால் இன்னொன்று. ஆள் கிடைக்காததால் போன மாதம் புதிதாக எடுத்த மேற்பார்வையாளருக்கு ஐம்பத்தாறாயிரம் கொடுத்திருக்கிறோம். ஒன்பது வருடத்துக்கும் ஒரு மாதத்துக்கும் இடையில் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

எல்லாம் சரியாக வந்தது, ஓர் இடத்தைத் தவிர. அலுவலர் படிநிலையில் என் வரி சிவப்பாகத் தெரிந்தது. பயிலுநர் சம்பளத்தில் சேர்ந்தேன். ஆறு மாதத்தில் நிரந்தரமாக்கினார்கள், சம்பளத்தை மாற்ற மறந்துவிட்டார்கள். இப்போதைய ஆகக் குறைந்த எண்ணுக்கும் கீழே நின்றேன். நானே எழுதும் மெமோவில் எனக்கே கூட்டிக் கேட்பதா? யோசிக்கவே காது சூடானது. வரியை அழித்தேன். அட்டவணை உடனே அழகாகிவிட்டது.

புதன்கிழமை இரண்டு மணி. சில்வெஸ்ரர் சேரின் அறையில் அவரும் நானும் ஒரு திரையும். திரையில் இரண்டு பேர். முதலாளி ஆழ்வாப்பிள்ளை ஐயா, எங்கள் தீவுப்பக்கம் மடத்துவெளியில் பிறந்து கொழும்பில் கடை வைத்து முன்னுக்கு வந்தவர். பக்கத்துக் கட்டத்தில் நிதிப் பணிப்பாளர் நிலாந்தி மிஸ். அவருடைய முகம் அசையவில்லை. இணைப்பு நின்றுவிட்டதென்று நினைத்தேன். பிறகு கண் சிமிட்டினார்.

"கொழும்புச் சம்பளத்தைத் தீவில குடுக்கச் சொல்லுறீரோ?" என்று தொடங்கினார். "சொந்த வீடு, வாடகை இல்லை. அதுக்காகப் பதினைஞ்சு வீதத்தைக் கழியும்."

சில்வெஸ்ரர் சேர் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். பிறகு மேசையைப் பார்த்தபடியே சொன்னேன்.

"பதினைஞ்சு கழிச்சா, மிஸ், ஐம்பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு வரும். எங்கட நடு அறுபதாயிரம், நாங்கள் இப்பவே கூடக் குடுக்கிறம் எண்டு அர்த்தம். ஆனா போன வருசம் எட்டுப்பேர் விட்டிட்டுப் போயிருக்கினம்."

"வடக்குக்குத் தனிய எண் இல்லையோ?"

"ஆய்வில வடக்குக் கம்பனி நாலுதான். ஐஞ்சுக்குக் குறைஞ்சா ஆய்வு செய்யிறவை போடமாட்டினம். போட்டா ஆர் எண்டு தெரிஞ்சிடும்."

"அப்ப எதோட ஒப்பிடுறீர்?"

"பஸ்ஸோட."

சில்வெஸ்ரர் சேருக்கு இருமல் வந்தது.

"போன எட்டுப்பேரில ஏழு பேர் இப்பவும் அதே பஸ்ஸில வருகினம், மிஸ். நாங்கள் மண்கும்பானில இறங்க அவை இறங்காம யாழ்ப்பாணம் போகினம். எங்களுக்கு ஆளுக்குப் போட்டி கொழும்பில்லை. அந்த பஸ் போற தூரம்தான்."

ஆழ்வாப்பிள்ளை ஐயா விழுந்து விழுந்து சிரித்தார். "நானும் அந்த பஸ்ஸில தொங்கிப் படிக்கப் போனனான். நிலாந்தி, பிள்ளை சொல்லுறது விளங்குதே?"

"விளங்குது ஐயா. ஆனா அங்க எவ்வளவு குடுக்கினம் எண்டது பஸ்ஸில கேட்ட கதையோ?"

"இல்லை மிஸ். போகேக்க மூண்டு பேர் நியமனக் கடிதம் காட்டினவை. ரெண்டு விளம்பரத்தில சம்பளம் போட்டிருக்கு. வாயால சொன்னதுகளைச் சேர்க்கேல்லை. அதின்படி தேசிய இடையத்தில ஐஞ்சு வீதம் கழிச்சாப் போதும். நடு அறுபத்தாறாயிரத்து ஐந்நூறு. ஏழு வருசத்துக்கு மேல திருப்தியா வேலை செய்தவை குறைஞ்சது நடுவில நிக்கவேணும்."

"ஊழியர் சேமலாப நிதி, நம்பிக்கை நிதி?"

"கம்பனியின்ர பங்கு ரெண்டும் சேர்த்துத்தான். வருசச் சம்பளச் செலவில ஐஞ்சு வீதம் கூடும்."

அவ்வளவு நீளமாக நான் என் வாழ்நாளில் பேசியதில்லை. தண்ணீர் குடித்தேன். நிலாந்தி மிஸ் குனிந்து எதையோ கூட்டினார். அந்த மௌனம் எனக்குப் பிடித்திருந்தது, அவர் நிமிரும்வரை.

"சில்வெஸ்ரர், சேமலாப நிதிக்குப் போன மாதம் எத்தினை பேருக்குக் கட்டினம்?"

"அறுபத்து நாலு."

"மெமோவில அறுபத்து மூண்டு. மொத்தமும் ஒத்துவரேல்லை. ஒரு ஆள் குறையுது."

சேர் தாள்களைப் புரட்டினார். "குறையாதே! மூண்டு தரம் பாத்தனான். ஆரைக் காணேல்லை? காவலாளியோ?"

"ஆள் கணக்கே பிழைச்ச மெமோவில மற்றக் கணக்கை நான் எப்பிடி நம்புறது?" மிஸ் பேனாவை மூடினார். "திருத்தி அடுத்த மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாங்கோ."

சுவர்க்கடிகாரத்தில் மூன்றாகப் போகிறது. ஐந்து மணிக்கு மாக்கிறேற் அக்கா பாலத்துக்கு அந்தப் பக்கத்துக்கு 'ஓம்' சொல்லிவிடுவார். நாளைக்கும் எனக்கு இடம் பிடித்துத் தருவார்தான். ஆனால் மண்கும்பானில் நான் தனியாக இறங்க வேண்டும்.

சேர் இன்னும் காவலாளியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"அது நான்" என்றேன்.

"என்ன?"

"குறையிற ஆள் நான்தான், மிஸ். என்ர வரியை நான்தான் எடுத்தனான்."

மடிக்கணினியில் பழைய பிரதி இருந்தது. அதைத் திரையில் போட்டேன். என் பெயர், என் சம்பளம், சிவப்பு நிறம். மூன்று பேரும் வாசிக்கும்வரை நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது ஆகக் குறைஞ்சதுக்கும் கீழ எல்லோ?" என்றார் மிஸ்.

"ஓம்."

"சம்பளப் பட்டியல் செய்யிற பிள்ளைக்கே சம்பளம் போடத் தெரியேல்லை" என்றார் ஐயா. "சில்வெஸ்ரர், நீ என்ன கண்ணை மூடிக்கொண்டே கையெழுத்துப் போடுறனீ?"

சேர் தலையைச் சொறிந்தார். "எக்ஸெல் தெரியும் எண்டு சொன்னவ, ஐயா. பிறகு நான் ஏன் பார்ப்பான்?"

நிலாந்தி மிஸ் முதல் தடவையாகச் சிரித்தார். "பிரியவதனி, உம்மட சம்பளத்தைப் பற்றி நீர் பரிந்துரைக்கக் கூடாது, அது சரி. அதுக்கு வரியை அழிக்கிறதில்லை. வரி நிக்கட்டும், பரிந்துரைக்கிற இடத்தை வெறுமையா விடும். சில்வெஸ்ரர் அதைத் தனிய எழுதி எனக்கு அனுப்பட்டும். இப்ப வரியைச் சேர்த்துக் கூட்டும், பார்ப்பம்."

கூட்டினேன். அறுபத்து நான்கு. மொத்தமும் ஒத்துவந்தது. மிஸ் பேனாவைத் திறந்தார்.

ஐந்து மணிக்கு முன்பே சேர் உள்ளே கூப்பிட்டபோது மாக்கிறேற் அக்கா கையுறையைக்கூடக் கழற்றாமல் போனார். கதவு சாத்தியிருந்தது. வெளியே வந்தபோது நான் கோப்பொன்றுக்குள் முகத்தைப் புதைத்திருந்தேன். தலைகீழாகப் பிடித்திருந்த அதை அவர்தான் திருப்பி வைத்தார்.

பின்னேர பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து விரல்களை மடக்கினார்.

"அங்க அறுபத்தெட்டு. இங்க அறுபத்தாறரை. அங்கால போற பஸ் காசைக் கழிச்சா ரெண்டும் ஒண்டுதான். விடிய இருவது நிமிசம் கூடப் படுக்கலாம். அவைக்கு ஏலாது எண்டு சொல்லிப்போட்டன்."

"நல்லது அக்கா."

"நல்லதாம்! மெமோ எழுதினது நீரெண்டு சேர் சொன்னவர். ஒரு கிழமையா மடியில வைச்சுக்கொண்டு ஒரு சொல்லுச் சொன்னீரோ? சரியான கள்ளி!" பிறகு குரலை உயர்த்தினார், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. "சரி, உமக்கு எவ்வளவு கூட்டினவை?"

முன் இருக்கைத் தலைகள் திரும்பின. நடத்துநர்கூட ரிக்கற் கிழிப்பதை நிறுத்தினார்.

"அது இன்னும் முடிவாகேல்லை" என்றேன். "முடிவானாலும் சொல்ல ஏலாது."

"பாருங்கோ, சுருவம் சிரிக்குது!" என்றார் மாக்கிறேற் அக்கா.