சடையப்பன் எழுதிய நான்கு வரி

சிந்துஜா வேலையை விட்டுப் போகிறாள் என்றதும் ஆரோக்கிய அனிதாவுக்கு முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. மேனேஜர் சடையப்பன் நீட்டிய தாளைப் படித்த பிறகுதான் வயிறு எரிந்தது.

கடலூரில் மோட்டார் பம்பு விற்கும் அந்த ஆபீஸில் அனிதாவுக்கு ஒன்பது வருஷம். ஆங்கிலக் கடிதம் எதுவானாலும் சடையப்பன் தமிழில் குறிப்பெழுதிக் கொடுப்பார், அவள் ஆங்கிலத்தில் அடித்துக் கொடுப்பாள். இது அக்கவுன்ட்ஸ் அசிஸ்டென்ட் சிந்துஜாவுக்கான ரெஃபரன்ஸ் லெட்டர். சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி கேட்டிருந்தது.

'மூணு வருஷத்தில் ஜிஎஸ்டி ரிட்டர்ன் ஒரு நாளும் தாமதமானதில்லை. பேங்க் கணக்கை மாசாமாசம் ஒத்துப்பார்த்துவிடுவாள். கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். சப்ளையர் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றாமல் விட்ட பில்லைக் கண்டுபிடித்தவள்.'

அந்த பில்லைக் கண்டுபிடித்தது அனிதா. சிந்துஜா அப்போது அக்கா கல்யாணத்துக்கு லீவில் இருந்தாள். தன்னைப் பற்றி இப்படி நாலு வரி இந்த மனுஷன் எழுதியதுண்டா என்று யோசித்தபடியே அனிதா அடித்தாள். சேர்ந்த தேதி, விலகும் தேதி, பதவி. 'கொடுத்த வேலையைச் செய்தார், நடத்தை திருப்திகரம்.' அவ்வளவுதான். சடையப்பன் படிக்காமலே கையெழுத்துப் போட்டு சீல் வைத்தார்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சிந்துஜா அந்தக் கடிதத்தோடு வந்து உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸைத் திறக்கவில்லை.

"அக்கா, சார் என்னப் பத்தி இவ்ளோதான் நெனச்சிருக்காரா? நான் எதனா தப்பு பண்ணிட்டனா?"

அனிதா எழுந்து கை கழுவிவிட்டு வந்தாள். இவள் தன்னைச் சந்தேகப்பட்டிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். பழி அவர் தலையில் அல்லவா விழுகிறது.

"குடு, பாக்கறேன்" என்று கடிதத்தை வாங்கிக்கொண்டாள். மூன்று மணிக்குப் புதிதாக அடித்த தாளோடு சடையப்பன் முன் நின்றாள்.

"நேத்து குடுத்தது சரியில்ல சார். நீங்க எழுதுனத நான் கொறச்சி அடிச்சிட்டேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா?"

அவள் பழைய கடிதத்தையும் புதுத் தாளையும் மேஜையில் வைத்தாள். "மூணு வரியும் இதுல அப்படியே இருக்கு. நாலாவத விட்டுட்டேன் சார். அந்த பில்ல பாத்தது நான். அவ லீவுல இருந்தா."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கல சார்."

சடையப்பன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பழைய கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, இந்த முறை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்துக் கையெழுத்திட்டார்.

புதுக் கடிதத்தைப் படித்ததும் சிந்துஜாவின் முகம் மலர்ந்துவிட்டது. "முன்ன ஏங்கா அப்டி இருந்திச்சி?"

"என் தப்புதான், சார் மேல ஒண்ணும் இல்ல" என்றாள் அனிதா.

சிந்துஜா கடிதத்தைப் பையில் வைத்தாள். "நீங்களும் ஒரு நாளு சிதம்பரம் வாங்கக்கா" என்று சிரித்துக்கொண்டே கையைப் பிடித்தாள்.

"பாக்கலாம்" என்றாள் அனிதா. அந்தச் சிரிப்பை நேராகப் பார்க்க அப்போதும் அவளால் முடியவில்லை.