ஒரு பொருளுக்கு ஒரே பெயர்

மூன்று பேர் எழுதியதை ஒருவர் எழுதியது போல ஆக்க வேண்டும் என்று சொல்லித்தான் அவளை ஒப்பந்தத்தில் எடுத்திருந்தார்கள். சொல்வதற்கு லேசான வேலை. செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், மூன்று மாமியார்களோடு ஒரே சமையலறையில் நிற்பது எப்படி இருக்குமென்று.

பெரிய சலவை ஆலை ஒன்றில் நீராவி பாய்ந்து இரண்டு தொழிலாளர்களுக்குக் கை வெந்துபோன விபத்து. பாய்லரை இயக்கும் பாய்லர்காரர் மேல் சந்தேகம் விழ, நிர்வாகம் ஒரு விசாரணைக் குழு போட்டிருந்தது. பாதுகாப்பு அதிகாரி ஓர் அத்தியாயம், டாக்டர் ஓர் அத்தியாயம், பொறியாளர் ஓர் அத்தியாயம். முன்னுரையும் முடிவுரையும் தலைவருடையவை. தலைவர் ஓய்வுபெற்ற அதிகாரி. யார் எதை நீட்டினாலும் பாதியை வெட்டிவிடுவதால் அலுவலகத்தில் அவருக்குக் 'கத்தரி' என்று பெயர். கத்தரி முதல் நாளே அவளிடம் சொல்லிவிட்டார்: "ஒரு பொருளுக்கு ஒரே பேர்தான் இருக்கணும்மா. ஆளுக்கொரு பேர் வச்சா படிக்கிறவன் குழம்புவான்."

அவளும் அப்படியே செய்தாள். பாதுகாப்பு அதிகாரி வாக்கியத்துக்கு வாக்கியம் 'ஆகவே' போடுவார், அவற்றைக் களைந்தாள். டாக்டரின் 'நான்'களை எல்லாம் 'குழு' ஆக்கினாள். வால்வு என்று வந்தபோது பாதுகாப்பு அதிகாரி 'மெயின் வால்வு' என்றும், டாக்டர் 'நீராவி வால்வு' என்றும் எழுதியிருந்தார்கள். இரண்டும் பாய்லர் வாயிலுள்ள ஒரே வால்வுதான், அது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. பொறியாளரும் 'நீராவி வால்வு' என்றே எழுதியிருந்தார். மூன்றையும் 'முதன்மை வால்வு' ஆக்கிவிட முடிவு செய்து, கோப்பு முழுவதற்கும் ஒரே தட்டலில் மாற்றினாள். நூற்றுப் பதினான்கு இடங்கள் என்று கணினி சொன்னது. திருத்தங்களைச் சிவப்பில் காட்டும் வசதியை அணைத்து வைத்திருந்தாள். பக்கமெல்லாம் சிவப்பாகக் கிடந்தால் கத்தரிக்குக் கோபம் வரும்.

அந்தத் தொகுப்பை வைத்துக்கொண்டுதான் கத்தரி நேற்று முடிவுரையை எழுதி அனுப்பினார். இன்று ஐந்து மணிக்கு அறிக்கை நிர்வாகத்தின் கைக்குப் போக வேண்டும். இப்போது மணி மூன்று.

எண்களைச் சரிபார்ப்பது மட்டுமே பாக்கி. டாக்டரின் அத்தியாயத்தை முன்னே கொண்டுவந்ததால் முன்னுரையையும் சேர்த்து மூன்றாவதாக இருந்த பொறியாளரின் அத்தியாயம் நான்காவதாகிவிட்டது. தலைப்புகள் தாமாகவே எண் மாறிக்கொண்டன. ஆனால் பொறியாளர் பத்திகளுக்குள் வரும் படக் குறிப்புகளைக் கையால் தட்டியிருந்தார், அவை அசையவில்லை. 'வால்வின் இருப்பிடத்துக்குப் படம் 3.2 காண்க' என்றது ஒரு வாக்கியம். அவள் படம் 3.2-க்குப் போனாள். டாக்டர் எடுத்த வெந்த கையின் புகைப்படம் வந்து நின்றது.

"நல்லவேளை," என்று முணுமுணுத்துக்கொண்டே 4.2 என்று திருத்தினாள். சரிதானா என்று பார்க்க அந்தப் படத்தையும் திறந்தாள்.

குழாய்களின் வரைபடம். பொறியாளர் கையால் வரைந்து ஸ்கேன் செய்தது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைக் கணினி மாற்றாது, அது பழையபடியே இருந்தது. பாய்லர் வாயில் 'மெயின் வால்வு'. அங்கிருந்து நீண்ட குழாய். அதன் கடைசியில், துணி உலர்த்தும் இயந்திரத்தின் முன்னால், 'நீராவி வால்வு'. பக்கத்தில் பொடி எழுத்தில், 'தானியங்கி'.

இரண்டு வால்வுகள். டாக்டருடைய நீராவி வால்வு வேறு, பொறியாளருடையது வேறு.

பொறியாளருக்குப் போன் போட்டாள்.

"சார், உங்க நீராவி வால்வு, பாய்லர்ல இருக்கறதா?"

"இல்ல மேடம். அது கோடியில இருக்கறது. கன்ட்ரோல் பேனல்தான் தானா திறக்கும், மூடும். ஏன்?"

"பாய்லர்காரரால திறக்க முடியுமா?"

"அவருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையே. அவர் மெயினை ஒன்பது பத்துக்கு மூடிட்டார். குழாய்ல மிச்சமிருந்த நீராவி, பேனல் ஒன்பது பன்னிரண்டுக்கு அந்த வால்வைத் தானா திறந்ததும் வெளியே பாய்ஞ்சுது. நான் எழுதினதே அதைத்தானே?"

அவர் எழுதினது அதுதான். அவள் தொகுத்தது வேறு. முதன்மை வால்வு ஒன்பது பத்துக்கு மூடப்பட்டது. முதன்மை வால்வு ஒன்பது பன்னிரண்டுக்குத் திறந்திருந்தது. இதைப் படிக்கிற யாருக்கும், மூடிய ஆளே திறந்தான் என்றுதான் தோன்றும்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. கோப்பு முழுவதற்கும் என்றால் பின்னிணைப்பையும் சேர்த்துத்தானே? பாய்லர்காரரின் வாக்குமூலத்துக்கு ஓடினாள். 'முதன்மை வால்வை நான்தான் மூடினேன். முதன்மை வால்வு என் கையிலேயே இல்லை.' வாக்குமூலத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடக் கூடாது. அவள் அதிலும் கை வைத்திருக்கிறாள். பாய்லர்காரர் எழுதிக்கொடுத்த மூலத்தைத் திறந்தால், இரண்டாவது வாக்கியத்தில் 'நீராவி வால்வு' என்று தெளிவாக இருந்தது.

கத்தரியின் முடிவுரை அந்த இரண்டு வரிகளையும் மேற்கோள் காட்டி, 'முன்னுக்குப் பின் முரணாகப் பேசும் இவரின் சொல்லை ஏற்பதற்கில்லை, பணிநீக்கத்துக்குப் பரிந்துரைக்கிறோம்' என்றது.

கணவன் வேலையில்லாமல் நான்கு மாதமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். அவளுடைய ஒப்பந்தம் இந்த அறிக்கையோடு முடிகிறது, அடுத்ததைக் கத்தரிதான் தர வேண்டும். வாயை மூடிக்கொண்டு 4.2-ஐ மட்டும் திருத்தினால் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம். ஒரு நிமிடம் அப்படியும் நினைத்தாள், அதை மறைப்பானேன். பிறகு படத்தை அச்செடுத்துக்கொண்டு தலைவர் அறைக்குப் போனாள்.

கத்தரி படத்தைப் பார்த்தார், மூல வாக்குமூலத்தைப் பார்த்தார். காது மடல் சிவந்தது.

"அடிக்குறிப்பு ஒண்ணு போட்டுடலாம். 'சில இடங்களில் சொல் வேறுபாடு உண்டு'ன்னு."

"முடிவுரையே தப்பு சார்."

"முடிவுரை நான் எழுதினது!"

"நான் கொடுத்ததை நம்பி எழுதினீங்க."

"மூணு வாரம் உக்காந்து விசாரிச்சிருக்கோம். அவர் மாத்தி மாத்திப் பேசறார்னு நானே கையெழுத்துப் போடப் போறேன்..."

"அவர் மாத்திப் பேசல சார். நான்தான் மாத்தினேன்."

கத்தரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"இது வெளிய தெரிஞ்சா உங்களை யாரும் கூப்பிட மாட்டாங்கம்மா."

"தெரியும் சார்."

அவர் மேசைத் தொலைபேசியை எடுத்து நிர்வாக மேலாளரின் எண்ணை அழுத்தினார். மணி அடிக்கும்போதே ரிசீவரை அவளிடம் நீட்டினார். "நீங்களே சொல்லுங்க. என்னால முடியல."

அவள் வாங்கிக்கொண்டாள்.

"விசாரணைக் குழுவிலேருந்து பேசறேன் சார். அறிக்கையைத் தொகுத்தவ. அறிக்கை இன்னைக்கு வராது. பாய்லர்காரர் மூடின வால்வு வேற, திறந்துக்கிட்டது வேற. ரெண்டுக்கும் ஒரே பேரை வச்சது நான். அவர் மேல தப்பில்ல."



"தலைவர் காலையிலேயே முடிவை வாய்மொழியா சொல்லிட்டாரேம்மா," என்றார் மேலாளர் மெதுவாக. "மத்தியானமே டிஸ்மிஸ் ஆர்டரைக் கொடுத்தாச்சு. பாய்லர்காரர் கையெழுத்துப் போட்டுட்டு, சீருடையை மடிச்சு வச்சுட்டுப் போயிட்டார்."

அவள் திரும்பிக் கத்தரியைப் பார்த்தாள். மேலாளர் சொன்னது அவருக்கும் கேட்டிருக்கும் போலிருக்கிறது. அவர் தலை நிமிரவில்லை.

"அப்ப ஆள் அனுப்பித் திரும்பக் கூப்பிடுங்க சார்," என்றாள். குரல் உடைந்தது, அதற்காக அவள் வெட்கப்படவில்லை. "வேலைக்கு மட்டும் இல்ல. அவர் சொன்னது ஒவ்வொரு வார்த்தையும் உண்மைன்னு சொல்லிக் கூப்பிடுங்க."

கத்தரி எழுந்து வந்து ரிசீவருக்குக் கையை நீட்டினார்.

"கொடும்மா," என்றார். "ஆள் அனுப்ப வேண்டாம். அவர் வீடு எங்கேன்னு கேக்கறேன். நாம ரெண்டு பேரும் போவோம்."